மூன்றெழுத்து முத்திரை

சில ஆண்டுகளுக்கு முன்பு என் முன்னாள் மாணவர் ஒருவர் நாள்காட்டி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மேசைமேல் அதை விரித்துக் காட்டினார். கிரியான் வட்டாரத்து நெல்வயல், வரப்போரம் பொங்கற் பானை, அதைச் சூழ்ந்து நிற்கும் ஒரு குடும்பம், அழகிய ஓவியம். "ஐயா, இது நான் வரைந்தது" என்றார். படத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. பொங்கல் வாழ்த்தாகப் புலனத்தில் நண்பர்களுக்கு அவர் அனுப்பிய படம் கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு வணிகரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் கடையின் பெயரை அச்சிடக் கீழ்ப்பகுதியில் இடம் வேண்டியிருந்தது. படத்தின் அடியில் இருந்த ஒரு விரற்கடை அகலத்தை வெட்டிவிட்டார்கள். மாணவர் தம் பெயரையும் தந்தையார் பெயரையும் முழுமையாக, சின்னஞ்சிறு எழுத்தில் எழுதியிருந்ததும் அந்த ஒரு விரற்கடையில்தான்.

"பெயர் போடாமல் விட்டாயா?" என்று நான் கேட்கவில்லை. அவர் போட்டிருந்தார். எந்தப் பெயரை, எந்த இடத்தில், எந்த அளவில் போட்டார் என்பதில்தான் சிக்கல் இருந்தது. இந்தச் சிக்கலைத் தமிழ் இதழோவியர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழியை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளில் பிறந்த குறி

பத்து வெள்ளித் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மாமன்னரின் உருவம் மங்கலாகத் தோன்றும். அதுவே நீர்க்குறி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டுப் பேப்ரியானோ நகரத்துத் தாள் செய்வோர் இம்முறையைக் கையாளத் தொடங்கினர். கூழை அள்ளும் சல்லடையின்மேல் மெல்லிய கம்பியை வளைத்துத் தைத்துவிடுவார்கள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெல்லியதாகப் படியும். தாள் காய்ந்த பிறகு அவ்விடத்தில் ஒளி சற்று மிகுதியாக ஊடுருவும். எந்தப் பட்டறையின் தாள் என்பதை அந்தக் குறியே சொல்லிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நீர்க்குறி தாளின்மேல் ஒட்டப்படுவதன்று, தாளோடு பிறப்பது. அதை நீக்க வேண்டுமானால் தாளையே கெடுக்க வேண்டும். ஓவியத்தில் இடும் பெயரும் இத்தகையதாக அமைந்தால்தான் அதை நீர்க்குறி எனக் கொள்ளலாம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் வெறும் விலாசச் சீட்டே.

ஓவியத்தில் இடும் குறிக்கு வழக்குமன்ற மதிப்பு உண்டு என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் செர்மனி நாட்டு ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528). அகன்ற 'A' என்னும் எழுத்தின் கால்களுக்கிடையே 'D' என்னும் எழுத்தை வைத்து அவர் தம் மரச்செதுக்குப் படங்களில் முத்திரையிட்டார். இத்தாலியரான மார்க்கந்தோனியோ ரைமோண்டி அப்படங்களை முத்திரையோடு சேர்த்து அப்படியே படியெடுத்தார். டியூரர் வெனிசு நகருக்குச் சென்று முறையிட்டார் என்றும், படத்தைப் படியெடுப்பதை ஆட்சியாளர் தடுக்கவில்லை, முத்திரையை இடுவதை மட்டுமே தடுத்தனர் என்றும் வசாரி எழுதியுள்ளார். 1512ஆம் ஆண்டில் டியூரரின் சொந்த ஊரான நூரம்பெர்க்கின் நகர மன்றமும் இதே நெறியில் நின்றது. அவருடைய முத்திரை பொறித்த போலிப் படங்களை விற்ற ஓர் அயலூரானிடம், முத்திரைகளை அகற்ற வேண்டும், இல்லையேல் படங்கள் பறிமுதலாகும் என்று அது ஆணையிட்டது. படத்துக்குக் காவல் இல்லாத காலத்திலும் பெயருக்குக் காவல் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

மாலி சூட்டிய பெயர்கள்

இனி நம் தமிழுலகுக்கு வருவோம். 1930களில் ஆனந்த விகடன் இதழில் கேலிச்சித்திரங்களாலும் கோட்டோவியங்களாலும் புகழ் பெற்றவர் டி. ஆர். மகாலிங்கம். அவர் தம் படங்களில் 'மாலி' என்று இரண்டே எழுத்துகளில் கையெழுத்திட்டார். இளம் ஓவியர்களைக் கண்டெடுத்து வளர்த்த பெருமையும் அவருக்கு உண்டு. தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபாலன் என்னும் இளைஞர் அவரிடம் வந்தார். அவருக்குக் 'கோபுலு' என்று பெயரிட்டவர் மாலியே. நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி. எம். சீனிவாசன் கோயிற் சிற்பங்களை நேரில் அமர்ந்து கோடு பிசகாமல் வரைவதில் வல்லவர். அவரைச் 'சில்பி' ஆக்கியவரும் மாலிதான். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தலைப்பில் விகடனில் வெளிவந்த அவருடைய வரைபடங்களை இன்றும் கோயிற்கலை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கின்றனர்.

சுருங்கிய பெயரின் பயன் அக்கால அச்சுமுறையை அறிந்தால் தெளிவாகும். ஓவியர் கருப்பு மையால் படத்தை அச்சில் வரப்போகும் அளவினும் பெரிதாக, சிலபோது இருமடங்காக வரைவார். அதைப் புகைப்படமெடுத்துச் சுருக்கி, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து 'பிளாக்' செய்வார்கள். சுருங்கும்போது மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். நெருங்கிய கோடுகளுக்கிடையே மை அடைத்துக்கொள்ளும். கையெழுத்துக்கு மூலப்படத்தில் மூன்று சென்டிமீட்டர் இடம் என்று கொள்வோம். பாதியாகச் சுருங்கினால் அச்சில் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதற்குள் 'எஸ். கோபாலன்' என்னும் ஆறெழுத்தையும் அடக்கினால் ஓர் எழுத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் கிடைக்கும். மூன்றெழுத்துக் 'கோபுலு'வாயின் ஐந்து மில்லிமீட்டர். முன்னதைத் தடித்த கோட்டில் எழுத முடியாது. பின்னதைத் தூரிகையின் ஓட்டத்திலேயே எழுதலாம். அது மையடைப்புக்கும் மலிவுத் தாளுக்கும் தப்பிப் பிழைக்கும்.

இதன் பயனை நான் சிறுவனாக இருந்தபோது தோட்டப்புறத்தில் கண்டேன். அந்நாளில் தமிழகத்து இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்து, அட்டை போட்டு வைத்திருப்பார்கள். முடிதிருத்தும் கடையிலும் லயத்து வீட்டுப் பரணிலும் அத்தகைய கட்டுகள் கிடக்கும். தைத்த பின் விளிம்புகளை வெட்டிச் சமன் செய்திருப்பதால் இதழின் பெயரும் நாளும் பக்க எண்ணும் போய்விடும். சில கட்டுகளில் ஆசிரியர் பெயர் இருந்த முதற்பக்கமே இராது. ஆயினும் படத்துக்குள், தூணின் அடியிலோ நாற்காலிக் காலின் அருகிலோ, 'கோபுலு' என்று இருக்கும். யாருடைய கதை என்று தெரியாமலே யாருடைய படம் என்று எங்களுக்குத் தெரிந்தது. வெட்டுக் கத்திக்கு எட்டாத இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. படத்தைக் கெடுக்காமல் அதை நீக்க வழியில்லை. மேலே சொன்ன நீர்க்குறியின் இலக்கணம் இதுவே.

ஒரு பெயர், பல முகங்கள்

சுருக்கம் மட்டும் போதுமா எனின், போதாது. அதற்குச் சான்று பிறருக்குப் பெயர் சூட்டிய மாலியே ஆவார். டி. ஆர். மகாலிங்கம் என்னும் அதே பெயரில் புல்லாங்குழல் மேதை ஒருவர் (1926–1986) இருந்தார். அவரையும் இசையுலகம் 'மாலி' என்றே அழைத்தது. அதே முழுப்பெயரில் நடிகரும் பாடகருமான ஒருவர் 'ஸ்ரீவள்ளி' (1945) முதலிய படங்களால் புகழடைந்தார். போதாக்குறைக்கு ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு நாடும் உண்டு. அச்சிட்ட படத்தின்கீழ் 'மாலி' என்று கண்ட அக்கால வாசகருக்கு ஐயம் எழவில்லை; படமே சான்றாக அருகில் இருந்தது. இன்று இணையத்தின் தேடுபொறியில் 'மாலி' என்று மட்டும் தட்டச்சு செய்யும் மாணவர் குழலோசையையும் ஒரு நாட்டின் வரைபடத்தையும் கடந்துதான் ஓவியரை அடைய வேண்டும். முழுப்பெயரை இட்டாலும் விடுதலை இல்லை. மூவரும் சேர்ந்தே வருவர்.

சில்பியின் நிலை சற்றே மேலானது. 'சிற்பி' என்னும் தமிழ் வடிவம் எல்லாச் சிற்பியரையும் குறிக்கும் பொதுச்சொல். அப்பெயரில் புகழ்பெற்ற கவிஞரும் உளர். 'சில்பி' என்னும் வடிவத்தைக் கையாண்டமையால் ஓவியர் ஓரளவு தனித்து நிற்கிறார். ஆனால் எழுதுபவர் ஒருவர் தூய தமிழாக்கும் ஆர்வத்தில் அதைச் 'சிற்பி' என்று திருத்திவிட்டால் அவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியர் ரங்கநாதன் 'மாருதி' என்று கையெழுத்திட்டார். அப்பெயர் அனுமனுக்கும் உரியது, மகிழுந்துக்கும் உரியது.

கோபுலு என்னும் பெயரோ வேறெதையும் குறிக்கவில்லை. அது அகராதிச் சொல் அன்று. தெய்வப் பெயர் அன்று. ஊர்ப் பெயரும் அன்று. கோபாலன் என்னும் பெயரின் முன்பகுதி நிற்க, ஈறு மட்டும் மாறியது. உரியவரின் அடையாளம் அதில் எஞ்சியிருக்கிறது. ஆனால் ஊரில் உள்ள ஆயிரம் கோபாலர்களில் எவருக்கும் அது பொருந்தாது. 2015இல் கோபுலு மறைந்தார். இன்றும் அந்த மூன்றெழுத்தைத் தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படுபவர் அவரே. மாலி தமக்கு வைத்துக்கொண்ட பெயரைவிடத் தம் மாணவருக்கு வைத்த பெயரே காலத்தை வென்றது எனலாம்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. 1960களில் கோபுலு விளம்பரத் துறைக்குச் சென்றார். விளம்பரப் படத்தில் ஓவியர் கையெழுத்திடுவது வழக்கமன்று. பொருளின் பெயரே அங்கு முதன்மை. ஆகவே, இதழ்ப் படங்களை ஒரு பள்ளி மாணவனும் அடையாளம் காண்பான்; விளம்பரப் படங்களைக் கண்டறியக் கோட்டின் ஓட்டத்தை நன்கறிந்தவர் தேவை. கை ஒன்றே, குறி இல்லாதபோது தடம் மறைந்துவிடுகிறது.

நம் பேராவில் ஒரு பெயர்

பாரிட் புந்தாரிலிருந்து தெற்கே சென்று ஈப்போவைக் கடந்தால் கோப்பெங் வரும். அதன் அருகிலுள்ள சிற்றூரில் 1951இல் பிறந்தவர் முகமட் நோர் காலிட். குழந்தையாக இருந்தபோது உருண்டையாக இருந்ததால் வீட்டார் 'புலாட்' என்றழைத்தனர். மலாய் மொழியில் அதற்கு உருண்டை என்பது பொருள். அது தேய்ந்து 'லாட்' ஆயிற்று. ரூமி எழுத்தில் Lat என்னும் மூன்றெழுத்துக் கையெழுத்தை அறியாத மலேசியர் இரார். 1979இல் வெளிவந்த 'கம்போங் பாய்' நூல் அப்பெயரை நாட்டுக்கு வெளியேயும் கொண்டு சென்றது.

கோபுலுவையும் லாட்டையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். லாட் என்பது படத்தின்மேல் முத்திரையாகச் சிறந்த பெயர். எவ்வளவு சுருக்கினாலும் படிக்கலாம். ஆனால் தேடுதற்குத் தனித்து நில்லாது. ரூமியில் lat என்பது ஆங்கிலத்தில் நிலநேர்க்கோட்டைக் குறிக்கும் சுருக்கம். எண்ணற்ற வேறு சொற்களின் துணுக்கும்கூட. எனவே தேடுவோர் 'கார்ட்டூனிஸ்' என்றோ நூலின் பெயரையோ உடன் சேர்க்கின்றனர். லாட்டுக்கு இது குறையாகவில்லை. இணையம் வரும் முன்னரே நாடறிந்தவர் அவர். இன்று புதிதாகத் தொடங்கும் இளைஞருக்கு அத்தகைய முன்புகழ் இல்லை. அவரைத் தேடிவருவோர்க்கு அப்பெயர் ஒன்றே வழி.

தனித்தன்மை சட்டத்துக்கும் வேண்டியதாகிறது. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. பெர்ன் உடன்படிக்கையில் நம் நாடு 1990இல் இணைந்தது. படைப்பின்மேல் வழக்கமான முறையில் ஒருவரின் பெயர் இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவரையே படைப்பாளர் எனக் கொள்ள வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையின் 15ஆம் விதி கூறுகிறது. புனைபெயருக்கும் இது பொருந்தும். ஆனால் அப்புனைபெயர் இன்னாரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இருத்தல் கூடாது. பலருக்குப் பொதுவான பெயரை இட்டவர் இந்தச் சலுகையை எளிதில் பெற இயலாது.

மாணவருக்கு ஒரு பயிற்சி

இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். மணிமாறன் என்றொரு மாணவர் இருப்பதாகக் கொள்வோம். 'மணி' என்று கையெழுத்திட்டால் அது நேரத்தையும் ஒலிக்கும் மணியையும் நூறு மனிதர்களையும் குறிக்கும். 'எழில்' போன்ற இனிய சொல்லைப் புனைபெயராகக் கொண்டாலோ, அது பொதுச்சொல் என்பதோடு ரூமியில் Ezhil, Elil, Ezil எனப் பலவாறு எழுதப்படும். மாலியின் வழியைப் பின்பற்றிப் பெயரின் முற்பகுதியை நிறுத்திப் பிற்பகுதியைக் குறுக்கினால் 'மணிமா' கிடைக்கும். மூன்றெழுத்து, ழகரமோ ளகரமோ இல்லாததால் ரூமியில் Manima என்று ஒரே வடிவம். இத்துடன் நின்றுவிடலாகாது. தமிழிலும் ரூமியிலும் அப்பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். முதற்பக்கத்திலேயே வேறோர் ஓவியரோ கடையோ அப்பெயரில் தோன்றினால் அதைக் கைவிட்டு வேறொன்று அமைப்பதே அறிவுடைமை. ஒருமுறை தேர்ந்த பிறகு எழுத்தை மாற்றுதல் கூடாது. இன்று ஒரு வடிவம், நாளை ஒரு வடிவம் என எழுதினால் தடம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்து அளவு. பழைய 'பிளாக்' செய்த வேலையை இன்று கைப்பேசித் திரை செய்கிறது. 2000 படப்புள்ளி அகலமுள்ள படத்தில் பெயருக்கு 200 புள்ளி இடம் தரலாம். அப்படம் பலர் கைமாறி 400 புள்ளியாகச் சுருங்கினால் பெயருக்கு எஞ்சுவது 40 புள்ளி. நான்கு குறிகள் கொண்ட பெயராயின் ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி; படிக்கலாம். பதினாறு குறிகள் கொண்ட முழுப்பெயராயின் ஒவ்வொன்றுக்கும் இரண்டரைப் புள்ளி, கறையாகத் தெரியும். படத்தை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, பெயர் படிக்கக் கிடைக்கிறதா என்று சோதிப்பதே எளிய முறை.

இடத்தைத் தேர்வதில் கோபுலுவின் தூணடி நமக்கு வழிகாட்டும். விளிம்பை ஒட்டி எழுதிய பெயரை வெட்டிவிடலாம். வெறும் வானத்தில் எழுதிய பெயரை அழித்து வண்ணத்தால் மூடிவிடலாம். பானையின் நிழல், வரப்பின் புல், சேலையின் கரை முதலிய கோடுகள் செறிந்த இடத்தில், முதன்மை உருவத்துக்கு அருகே எழுதினால், அழிப்பவர் அந்தக் கோடுகளையும் மீண்டும் வரைய வேண்டியிருக்கும். அவ்வாறு அழிக்கப்பட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு அறுந்திருப்பதோ, ஒரே புல் இருமுறை வந்திருப்பதோ தெரியும். திறமையாக அழிப்போரும் இன்று உளர். ஆகவே பெயர் ஒரு பூட்டன்று, சான்று மட்டுமே. அச்சான்றுக்கு வலுவூட்ட, வெட்டப்படாத மூலப்படத்தையும் முதல் வரைவையும் நாளிட்டுப் பாதுகாத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. படத்துக்குள் தூரிகையால் எழுதிய பெயர் கண்ணுக்கு எழுத்து. தேடுபொறிக்கு அதுவும் பெரும்பாலும் படத்தின் ஒரு பகுதியே. எனவே அதே பெயரைக் கோப்பின் பெயரிலும், படத்தோடு வெளியிடும் குறிப்பிலும் தட்டச்சு எழுத்தாக இட வேண்டும், காட்டாக:

```
manima-pongal-kerian.jpg
```

தூரிகையில் எழுதிய பெயர் படத்தோடு பயணம் செய்யும். தட்டச்சிட்ட பெயர் தேடிவருவோரை வரவேற்கும். ஒன்றில் கண்ட பெயரை மற்றொன்றில் தேடும்போது எழுத்து மாறாமல் இருந்தால்தான் இரண்டும் இணையும்.

நாள்காட்டியோடு வந்த மாணவரிடம் மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். புதுக் கைப்பேசி வாங்கியபோது போய்விட்டது என்றார். எனக்கும் அவருக்கும் தெரிந்த உண்மையை மூன்றாமவருக்கு மெய்ப்பிக்க எதுவும் எஞ்சவில்லை. அந்த நாள்காட்டி என் அறைச் சுவரில் ஓராண்டு தொங்கியது. வருவோரெல்லாம் படத்தைப் புகழ்ந்தனர். யார் வரைந்தது என்று கேட்டவர்களுக்கு நான் வாயால் சொன்னேன். கோபுலுவின் படத்துக்கு அப்படி அருகில் நின்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டதில்லை. இப்போது என் பள்ளியில் ஓவியப் போட்டி நடக்கும்போது, தாளைப் பெற்றுக்கொள்ளுமுன் ஒரே ஒரு சோதனை செய்கிறோம். நான்கு விளிம்புகளையும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைத் தாளால் மூடிப் பார்க்கிறோம். பெயர் அப்போதும் தெரிகிறதா? தெரியவில்லையெனில் படத்தை மாணவரிடமே திருப்பித் தருகிறோம். பெயரை உள்ளே எழுதிக்கொண்டு வரட்டும் என்று.